எட்டு மில்லி ஏலக்காயும் ‘எங்களைப் பற்றி’ பக்கமும்

கம்பம், குமுளி, போடி பக்கக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் வேலை. ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு விவரம் கேட்டால், பெரும்பாலும் ஒரே மாதிரி வாசகம்தான் வாட்ஸ்அப்பில் வரும். குமுளியில் ஏலக்காய் விற்கும் ஒரு அண்ணன் அனுப்பியது இது:

“தரமே எங்கள் தாரக மந்திரம். பல ஆண்டு அனுபவம் கொண்ட நாங்கள் ஏலக்காய் வணிகத்தில் நம்பர் ஒன். உலகத் தரம் வாய்ந்த, நூறு சதவீதம் இயற்கையான ஏலக்காய் எங்களிடம் மட்டுமே.”

இதில் பக்கத்துக் கடையின் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். அப்படிப் பொருந்துகிற வரி எதுவும் வாங்குபவருக்கு உதவாது. அதனால் நேரில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

“காய் எங்கே எடுக்கிறீங்க அண்ணே?”

“போடி ஏலத்துலயும் புத்தடி ஏலத்துலயும்தான் தம்பி. தோட்டமெல்லாம் நமக்குக் கிடையாது.”

“தரம் பார்க்கிறது எப்படி?”

“சல்லடைதான். எட்டு மில்லிக்கு மேல நிக்கிறது தனி, ஏழுல இருந்து எட்டு தனி. அப்புறம் வெடிச்ச காயைக் கையால பொறுக்கிடுவோம். அதை டீக்கடைக்காரங்க விலை குறைச்சு வாங்கிப்பாங்க.”

அவர் அனுப்பிய வாசகத்தில் இதில் ஒரு சொல்கூட இல்லை. பக்கத்தை இப்படி மாற்றினோம்:

“2011 முதல் குமுளியில் ஏலக்காய் விற்கிறோம். எங்களுக்குச் சொந்தத் தோட்டம் இல்லை. போடி, புத்தடி ஏலங்களில் வாங்குகிறோம். கடையிலேயே சலித்து, 8 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளதையும் 7 முதல் 8 வரை உள்ளதையும் தனித்தனியாகக் கட்டுகிறோம். வெடித்த காயைப் பொறுக்கி எடுத்து, குறைந்த விலைக்குத் தனியாக விற்கிறோம்.”

‘பல ஆண்டு’ என்பதைவிட தொடங்கிய வருடத்தைப் போடுவது நல்லது. ‘பதினைந்து ஆண்டு அனுபவம்’ என்று எழுதினால் அடுத்த வருடமே அது பழசாகிவிடும்.

‘நூறு சதவீதம் இயற்கை’ என்பதை முழுசாகவே எடுத்துவிட்டேன். ஏலத்தில் வாங்கும் காய்க்குத் தோட்டத்தில் என்ன மருந்து அடித்தார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியாது. ‘ஆர்கானிக்’ என்று போட்டு விற்க வேண்டுமானால் அதற்கென்று சான்றிதழ் வேண்டும். அவரிடம் அது இல்லை. அவரிடம் இருந்தது பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். அதைப் பக்கத்தின் அடியில் போட்டோம். சந்தேகப்படுகிறவர் foscos.fssai.gov.in தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

வெடித்த காய் பற்றிய வரிக்குத்தான் அண்ணன் தயங்கினார். “நாமளே சொல்லணுமா தம்பி?” என்றார். எனக்கு அந்தப் பக்கத்திலேயே முக்கியமான வரி அதுதான். வெடித்தது தனியாகப் போகிறது என்று தெரிந்தால்தான், எட்டு மில்லிக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் தன் பொட்டலத்தில் அது இருக்காது என்று நம்புவார். தோட்டம் இல்லை என்ற வரியும் அப்படித்தான். ‘நேரடியாகத் தோட்டத்திலிருந்து’ என்று எழுதியிருந்தால், தோட்டத்தைப் பார்க்க வருகிறேன் என்று ஒருவர் போன் செய்தாலே போதும், மிச்ச வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

படமும் மாறியது. இணையத்தில் எடுத்த பச்சை மலைப் படத்தை நீக்கிவிட்டு, கடையில் இருக்கும் இரண்டு சல்லடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே காயோடு போனிலேயே படம் எடுத்துப் போட்டோம்.