"ஒண்டும் விளங்கேல்ல சேர்" என்று வராதீர்கள்

இந்தத் தவணை உயர்தரப் பௌதிகவியல் தாள்களைத் திருத்தியபோது உராய்வுக் கணக்கில் பதினொரு பிள்ளைகள் ஒரே பிழையை விட்டிருந்தார்கள். அந்தப் பாடத்தை முடித்த அன்று "விளங்கினதோ?" என்று கேட்டேன், வகுப்பே "ஓம் சேர்" என்றது. அந்தப் பதினொரு பேரில் ஒருவர், ஒரேயொருவர், மணி அடித்த பிறகு என்னிடம் வந்திருந்தால் அடுத்த நாளே எல்லோருக்கும் திருத்திச் சொல்லியிருப்பேன். அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் வரவில்லை என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "மொக்குக் கேள்வி எண்டு நினைப்பியள் சேர்." பிள்ளைகளே, ஒரே அலகை வருசா வருசம் படிப்பிக்கிறவருக்கு உங்கள் கேள்வி புதிதல்ல, எத்தனையோ பேர் கேட்டதுதான். நீங்கள் கேட்கும்போது நான் உங்களை எடைபோடுவதில்லை. எந்த இடத்தை நான் வேகமாகக் கடந்துவிட்டேன் என்பதைத்தான் உங்கள் கேள்வியில் பார்க்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் கேட்பார்கள் என்பதும் தவறு. கேட்கிற பிள்ளை அடுத்த தவணை கெட்டிக்காரப் பிள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

சரி, எப்படிக் கேட்பது? அக்கராயன் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி போன மாதம் ஆசிரியர் அறை வாசலில் இரண்டு நாள் நின்று திரும்பிப் போய், மூன்றாம் நாள் உள்ளே வந்து "உராய்வு ஒண்டும் விளங்கேல்ல சேர்" என்றாள். இந்த வசனத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, முழு அலகையும் திரும்பப் படிப்பிக்கத்தான் வேண்டும், அதற்கு ஒரு முழுப் பாடவேளையும் போதாது. கொப்பியைக் காட்டச் சொன்னேன். ஒரு பக்கம் அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துக் கடதாசியே மெலிந்திருந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் அழித்த எண்கள் தெரிந்தன. கரடான கிடை மேசையில் 2 கிலோகிராம் பெட்டி, உராய்வுக் குணகம் 0.4, கிடையாக 5 நியூட்டன் விசையால் இழுக்கிறோம், g = 10. அவள் F = μR என்று போட்டு உராய்வு 8 நியூட்டன் என எடுத்து, 5 இலிருந்து 8 ஐக் கழித்து 2 ஆல் வகுத்திருந்தாள். ஆர்முடுகல் −1.5 வந்தது. இழுத்த பெட்டி பின்னால் போவதாக விடை வந்ததும் பயந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்.

அவள் அழித்த அந்தக் கழித்தல் குறிதான் அவளுடைய கேள்வி! 8 நியூட்டன் என்பது உராய்வு போகக்கூடிய எல்லை. இழுப்பது 5 என்றால் உராய்வும் 5 தான், பெட்டி அசையாது. நான் இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "உராய்வு 8 எண்டு வருது சேர், ஆனா பெட்டி பின்னுக்குப் போகுது, எந்த வரியில பிழை?" என்று முதல் நாளே கேட்டிருக்கலாம்.

ஆகவே பிழைத்த செய்கையை அழிக்காதீர்கள், ஒரு கோடு போட்டு விட்டுவிடுங்கள். எந்த வரிவரை சரியாக வந்தது, அடுத்த வரியில் என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்பதைக் கொப்பி ஓரத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டால் அதைப் பார்த்து வாசியுங்கள், ஒருவரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் என் பழைய மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: விரிவுரை ஆங்கிலம் என்று ஒதுங்க வேண்டாம், கேள்வியை ஒரு சின்ன ஆங்கில வசனமாக எழுதி, பிழைத்த வரியை விரலால் காட்டினால் போதும்.

மணி அடித்ததும் ஆசிரியர் அடுத்த வகுப்புக்கு ஓடுவார். அப்போது அவர் முகம் சுருங்கினால் அது நேரத்துக்காக, உங்களுக்காக அல்ல. "ஒரு கேள்வி இருக்கு சேர், எப்ப வரட்டும்?" என்று மட்டும் கேட்டு நேரம் வாங்குங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நிற்க நினைக்காதீர்கள், பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டில் பயப்படுவார்கள், இடைவேளை நல்லது. தோழியைத் தூது விடாதீர்கள், உடன் கூட்டி வாருங்கள். ஆட்கள் இருக்கும் இடத்தில், கதவு திறந்திருக்கையில் கேளுங்கள். தனியே வீட்டுக்கு வா என்று எவர் சொன்னாலும் போக வேண்டாம், அன்றே அம்மாவிடமோ நம்பிக்கையான வேறு ஆசிரியரிடமோ சொல்லுங்கள்.

பதில் கிடைத்ததும் "ஓம் சேர்" என்று தலையாட்டிவிட்டு ஓடாதீர்கள், அதே மேசையில் எண்ணை மாற்றி இன்னொரு தரம் செய்து காட்டுங்கள். அந்த மாணவியிடம் "5 ஐ 10 ஆக்கு" என்றேன். நின்றபடியே எழுதினாள்: எல்லை 8, இழுப்பது 10, மிச்சம் 2, ஆர்முடுகல் 1. பிறகு கொப்பியை மூடாமல், "8 ஆலேயே இழுத்தா சேர்?" என்று கேட்டாள்.