வேக-கால வரைபடத்தின் ‘கீழ்ப் பரப்பு’: எதற்குக் கீழே?

ஒன்பதாம் வகுப்பு இயற்பியலில் ஒரு வரி வரும்: ‘வேக-கால வரைபடத்தின் கீழுள்ள பரப்பு, கடந்த தொலைவைத் தரும்.’ பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகளும் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். ‘எதற்குக் கீழே?’ என்று கேட்டால்தான் தயக்கம் வரும். தாளில் வரைபடத்துக்குக் கீழே இருப்பது வெற்றிடம். அங்கே தொலைவு ஏதும் இல்லை.

முதலில் பரப்பு என்ற சொல்லைப் பார்ப்போம். பரவு, பரந்த, பரப்பு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. விரிந்து கிடப்பது பரப்பு. அதை அளந்து சொன்னால் பரப்பளவு. மலையாளத்திலும் பாடநூற் சொல் பரப்பளவுதான் என்பதால், எல்லையோரப் பிள்ளைக்கு இந்தச் சொல் இரண்டு பக்கமும் செல்லும். யாழ்ப்பாணத்தில் ‘பரப்பு’ நில அளவையின் பெயராகவே நிற்கிறது. 16 பரப்பு ஒரு ஏக்கர். நிலத்தோடு இவ்வளவு ஒட்டிய சொல் என்பதால்தான் இங்கே ஒரு தடுமாற்றமும் வருகிறது. பரப்பு என்றதும் சதுர மீட்டர், சென்ட் என்று மனம் போகிறது. சதுர மீட்டர் எப்படி மீட்டராகும் என்று பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்வி.

பதில் அச்சுகளில் இருக்கிறது. நிலத்தில் நீளமும் மீட்டர், அகலமும் மீட்டர். வரைபடத்திலோ கிடை அச்சில் விநாடி, நிலை அச்சில் ஒரு விநாடிக்கு இத்தனை மீட்டர். இரண்டையும் பெருக்கும்போது விநாடி அடிபட்டுப் போய் மீட்டர் மட்டும் மிஞ்சுகிறது. தாளில் சதுரமாகத் தெரிகிற அந்த இடம் உண்மையில் ஒரு நீளத்தைக் குறிக்கிறது.

கோபாலபுரம் சோதனைச்சாவடியில் நின்று பொள்ளாச்சிப் பக்கம் கிளம்பும் ஒரு பஸ்ஸை வைத்துக்கொள்வோம். முதல் 20 விநாடியில் வேகம் ஒரே சீராக ஏறி, விநாடிக்கு 10 மீட்டரை எட்டுகிறது. ஸ்பீடோமீட்டரில் அது 36 கிலோமீட்டர். அடுத்த 60 விநாடி அதே வேகம். பிறகு 10 விநாடியில் சீராகக் குறைந்து அடுத்த நிறுத்தத்தில் நிற்கிறது.

நடுப்பகுதி எளிது: 60 விநாடி, விநாடிக்கு 10 மீட்டர், ஆக 600 மீட்டர். வரைபடத்தில் அது ஒரு செவ்வகம். ஏறுகிற பகுதியில்தான் ‘ஏன் பரப்பு?’ என்பது விளங்கும். அந்த 20 விநாடியை ஒவ்வொரு விநாடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். வேகம் விநாடிக்கு 0.5 வீதம் ஏறுகிறது. முதல் விநாடியின் தொடக்கத்தில் 0, முடிவில் 0.5, சராசரி 0.25; ஆகவே பஸ் நகர்ந்தது 0.25 மீட்டர். இருபதாவது விநாடியில் சராசரி 9.75, நகர்ந்தது 9.75 மீட்டர். இந்த இரண்டையும் கூட்டினால் 10. இரண்டாவதையும் பத்தொன்பதாவதையும் கூட்டினாலும் 10தான். இப்படிப் பத்து ஜோடி, ஆக 100 மீட்டர். அடி 20, உயரம் 10 உள்ள முக்கோணத்தின் பரப்பும் ½ × 20 × 10 = 100. ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு மெல்லிய கீற்று, ஒவ்வொரு கீற்றும் அந்த விநாடியில் பஸ் நகர்ந்த தொலைவு; எல்லாக் கீற்றும் சேர்ந்ததே பரப்பு. நிற்கும் பகுதியில் ½ × 10 × 10 = 50. மொத்தம் 750 மீட்டர்.

முழு உருவத்தையும் சரிவகமாகவே எடுக்கலாம். தமிழில் சரிவகம், மலையாளத்தில் லம்பகம். இணைப் பக்கங்கள் 90, 60, உயரம் 10. ½ × (90 + 60) × 10 = 750. எந்த வழியில் போட்டாலும் ஒரு சோதனை கையில் இருக்கட்டும்: 90 விநாடியும் உச்ச வேகத்திலேயே போயிருந்தால் 900 மீட்டர். விடை அதைத் தாண்டினால் எங்கோ பிசகு. பெரும்பாலும் அலகில்தான் பிசகும். வேகத்தை 36 என்றே வைத்து, காலத்தை விநாடியில் எடுத்தால் 2700 வரும். அது மீட்டரும் இல்லை, கிலோமீட்டரும் இல்லை. 3.6-ஆல் வகுத்தால் பழைய 750 திரும்புகிறது.

கோடு வளைந்திருந்தால் கட்டங்களை எண்ணலாம்: பாதிக்கு மேல் உள்ளே வந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடலாம். ஆனால் ஒரு கட்டம் என்பது ஒரு மீட்டர் அல்ல. கிடையில் 5 விநாடி, நிலையில் விநாடிக்கு 2 மீட்டர் என்று அளவுத்திட்டம் இருந்தால் ஒரு கட்டம் 10 மீட்டர். நிலை அச்சு 0-இல் தொடங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 4-இல் தொடங்கினால் கண்ணுக்குத் தெரியும் உருவத்தில் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கும், தொலைவு குறைத்துக் காட்டும்.

இந்த உருவத்தை முதலில் வரைந்தவர்கள் ‘கீழ்’ என்று யோசிக்கவில்லை. சீராக ஏறும் வேகத்தில் கடக்கும் தொலைவு, தொடக்க வேகத்துக்கும் முடிவு வேகத்துக்கும் நடுவான வேகத்தில் சீராகப் போனால் கடக்கும் தொலைவுக்குச் சமம் என்று 14-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் கண்டார்கள். நாம் மேலே போட்ட ஜோடிக் கணக்கின் விடையும் இதுதான். அதே நூற்றாண்டில் பிரான்சின் நிக்கோல் ஒரேம் அதற்கு உருவம் கொடுத்தார். காலத்தை ஒரு கிடைக்கோடாக இட்டு, ஒவ்வொரு கணத்தின் வேகத்தையும் அதன்மேல் செங்குத்தாக எழும் கோடாக நிறுத்தினார். 1638-இல் கலிலியோ, ஒரே சீராக வேகம் ஏறும் இயக்கத்தை விளக்கியபோதும் இதே முக்கோணமும் செவ்வகமும் வந்தன. ஒரேமின் உருவத்தில் காலக்கோடுதான் அஸ்திவாரம். பரப்பு அதன்மேல் எழுந்து நிற்பது. நாம் இன்று வரைபடம் என்று சுட்டுகிற கோடு அதன் கூரை விளிம்பு மட்டுமே.

அதனால் தமிழில் ‘வரைபடத்தின் கீழ்’ என்பதைவிட ‘கோட்டுக்கும் கால அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு’ என்பதே சரியான வழக்கு என்பேன். சற்று நீளம்தான், ஆனால் எங்கே நிழலிட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. கோடு அச்சுக்குக் கீழே இறங்கும்போதும் இந்தச் சொல் பொய்க்காது.

கோடு கீழே இறங்குவது வேக-கால வரைபடத்தில் நடக்காது. வேகம் சுழிக்குக் கீழே போகாது. திசையையும் சேர்த்துக் கணக்கிடும் திசைவேக-கால வரைபடத்தில் நடக்கும். பஸ் 750 மீட்டர் போய், திரும்பி 300 மீட்டர் வந்தால் அச்சுக்கு மேலே 750, கீழே 300. இரண்டையும் கூட்டினால் கடந்த தொலைவு 1050 மீட்டர். கழித்தால் இடப்பெயர்ச்சி 450 மீட்டர்.

இங்கே எல்லையோர மாணவர்களுக்கும் இலங்கைத் தமிழ் நூல்களைப் புரட்டுகிறவர்களுக்கும் ஒரு கவனம் தேவை. தமிழ்நாட்டு நூல்களில் வேகம், திசைவேகம் என்று இருக்கும் ஜோடி, மலையாளத்தில் வேகம், பிரவேகம். இலங்கைத் தமிழிலோ கதி, வேகம். அங்கே வேக-நேர வரைபு என்றால் நம் திசைவேக வரைபடம். அதில் அச்சுக்குக் கீழுள்ள பரப்பைக் கழித்தால் இடப்பெயர்ச்சி வரும், கூட்டினால்தான் தொலைவு.