மோட்டாரைப் படம் எடுத்தது போதும், குழியைப் படம் எடுங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் தாம்பரம் பக்கத்திலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். செங்கல் மேடையில் ஒரு நீல மோட்டார், அதன் தலையிலிருந்து இரண்டு பைப். "ஜெட் மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல சார்" என்று ஒரு வரி. இரண்டு பைப்பைப் பார்த்ததும் நானும் ஜெட் என்றே நம்பிவிட்டேன். போரிலிருந்து பைப்பைத் தூக்க வேண்டியிருக்கும் என்று கூட ஒரு ஆளையும், கிளாம்ப், செயின் பிளாக் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

போனால் அங்கே போரே இல்லை. கார் நிற்கும் இடத்துக்கு அடியில் சம்ப். ஒரு பைப் அதற்குள் இறங்கியது, மற்றது சுவரோடு மாடித் தொட்டிக்கு ஏறியது. அது அரை எச்பி மோனோபிளாக். மோட்டாரை ஒட்டி நின்று எடுத்த படத்தில் பைப் எங்கே போகிறது என்பது மட்டும் தெரியவில்லை. சுவிட்சை அணைத்து, மேலே இருந்த பிளக்கைக் கழற்றித் தண்ணீர் ஊற்றி ஓட்டினேன். கொஞ்ச நேரம் குபுகுபுவென்று காற்றும் தண்ணீருமாக வந்து நின்றுவிட்டது. சம்பிலிருந்து வரும் பைப்பின் யூனியன் தளர்ந்து காற்று இழுத்துக்கொண்டிருந்தது. வாஷரை மாற்றி இறுக்கியதும் சரியாகிவிட்டது. கூட வந்தவருக்குக் கூலி கொடுத்ததுதான் மிச்சம்.

அதிலிருந்து படத்தில் நான் மோட்டாரைப் பார்ப்பதில்லை, தண்ணீர் இருக்கும் குழிக்குள் எத்தனை பைப் இறங்குகிறது என்றுதான் பார்க்கிறேன்.

மேலே மோட்டார் உட்கார்ந்திருந்து, அதிலிருந்து ஒரே பைப் சம்புக்கோ கிணற்றுக்கோ இறங்கினால் மோனோபிளாக். இது தண்ணீரை உறிஞ்சித்தான் எடுக்கும். உறிஞ்சுவது என்றால் உண்மையில் காற்றழுத்தம் கீழிருந்து தண்ணீரைத் தள்ளிவிடுவதுதான், அதனால் எத்தனை எச்பி போட்டாலும் நடைமுறையில் 25 அடி ஆழத்துக்கு மேல் ஏறாது. கோடையில் கிணற்று மட்டம் அதற்குக் கீழே போனதும் "மோட்டார் போச்சு" என்று கூப்பிடுவார்கள். மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மேலே இருக்கும் மோட்டாரிலிருந்து இரண்டு பைப்பும் போர் குழிக்குள் இறங்கினால் ஜெட். ஒன்று சற்றுப் பெரியது, இன்னொன்று சிறியது. சிறிய பைப் வழியாக மோட்டாரே கொஞ்சம் தண்ணீரைத் திருப்பிக் கீழே அனுப்பும். அடியில் இருக்கும் ஜெட்டின் குறுகிய வாயில் அது வேகமாகப் பாய்ந்து, போர் தண்ணீரையும் சேர்த்துப் பெரிய பைப்பில் மேலே தள்ளும். அந்த 25 அடியை ஜெட் தாண்டுவது இப்படித்தான். தொட்டிக்குப் போகும் பைப் மூன்றாவது. அதனால் பெயர்ப்பலகையிலேயே சிக்கலை முடித்துவிடலாம்: பைப் அளவு 25 x 25 என்று இரண்டு எண்ணாக இருந்தால் மோனோபிளாக், 32 x 25 x 25 என்று மூன்றாக இருந்தால் ஜெட். பலகை தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் வந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்தது.

மேலே மோட்டாரே இல்லாமல், கேசிங் மூடியிலிருந்து ஒரு பைப்பும், பட்டையான ஒரு கேபிளும், பெரும்பாலும் ஒரு கயிறும் மட்டும் வெளியே வந்தால் சப்மெர்சிபிள். மோட்டார் பைப்பின் அடியில், தண்ணீருக்குள் தொங்குகிறது. போரில் போட்டிருந்தால் வீட்டுச் சுவரில் மீட்டர் வைத்த பேனல் பெட்டியும் பெரும்பாலும் இருக்கும். சம்புக்குள்ளிருந்து இதே மாதிரி பைப்பும் கேபிளும் வந்தால் அது ஓப்பன்வெல் சப்மெர்சிபிள், சம்பின் அடியில் படுத்துக் கிடக்கும்.

நிறைய வீடுகளில் இரண்டு மோட்டார் உண்டு. போரிலிருந்து சம்புக்கு சப்மெர்சிபிள், சம்பிலிருந்து மாடிக்கு மோனோபிளாக். கண்ணுக்குத் தெரிவது மோனோபிளாக் மட்டும் என்பதால், பழுது எதுவானாலும் அதன் படம்தான் வரும். சம்ப் வறண்டு கிடந்தால் எனக்கு வேண்டியது பேனல் படம். பெட்டியைத் திறக்காதீர்கள், உள்ளே கரண்ட் இருக்கும். பட்டனைப் போட்டு, முள் தெரியும்படி வெளியிலிருந்து எடுத்தால் போதும். ஆம்பியர் முள் எழவே இல்லையென்றால் கரண்ட் கீழே போகவில்லை. கேபிளோ பேனலோ விட்டிருக்கும். முள் மேலே போய் இறங்காமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். கெப்பாசிட்டர் போயிருக்கலாம், மோட்டார் சிக்கியும் இருக்கலாம். கெப்பாசிட்டர் என்றால் பேனலிலேயே மாற்றிவிடலாம், போரைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு ஏமாற்று: குழிக்குள் இரண்டு பைப் இறங்கும், ஆனால் ஒன்று விரல் தடிமன் காற்றுக் குழாய், மேலே பெல்ட் மாட்டிய இயந்திரம். அது கம்ப்ரஸர். தண்ணீர் பைப் அந்த இயந்திரத்தைத் தொடாமலே நேராகத் தொட்டிக்குப் போகும்.