விருந்துச் சோறும் கறவை மாடும்: கண்ணுக்குத் தெரியாத முதல் சில மணி நேரம்

கோத்தகிரிப் பக்கத்து ஊர்களில் கோயில் திருவிழாவோ கல்யாணமோ முடிந்த மறுநாள் காலையில், மாடு எழுந்து நிற்கத் தள்ளாடுகிறது என்ற அழைப்பு எனக்கு அடிக்கடி வருகிறது. மீந்த சோற்றைக் குப்பையில் கொட்ட மனமில்லாமல் மாட்டுக்கு வைப்பது நல்லெண்ணத்தில் செய்யும் செயல்தான். ஆனால் புல்லையும் கொஞ்சம் தவிட்டையும் மட்டுமே தின்று பழகிய மாட்டுக்கு, ஒரே வேளையில் கிடைக்கும் அவ்வளவு சோறு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மாட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. திடீரென மாவுச்சத்து மிகுந்துவிட்டால் அவற்றை முந்திக்கொண்டு வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏற நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. உடலின் நீரும் இரத்தத்திலிருந்து பெருவயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அதனால்தான் வயிறு தளும்பிக்கொண்டிருக்கும்போதே மாடு நீரிழப்பால் சாகிறது. முழு தானியத்தைவிட மாவும், அரிசியைவிட வெந்த சோறும் விரைவாகப் புளிப்பவை.

அண்மையில் நான் பார்த்த ஒரு ஜெர்சி கலப்பினப் பசு, ஏறக்குறைய 350 கிலோ எடை உடையது. முன்தினம் மாலை அன்னதானத்தில் மீந்த சோற்றை இரண்டு அன்னக்கூடை நிறையத் தின்றிருந்தது. இரவு பால் கறக்கும்போது எந்த மாற்றமும் தெரியவில்லை. விடியற்காலையில் தீவனம் தொடவில்லை, அசை போடவில்லை, காதுகள் சில்லிட்டிருந்தன. "பனியில குளிர் கண்டிருச்சுங்க டாக்டர்" என்று சொன்ன வீட்டார், சூடாக அரிசிக் கஞ்சி காய்ச்சி ஊற்றியிருந்தார்கள். மலைப்பகுதியில் அப்படி நினைப்பது இயல்பே என்றாலும், அந்தக் கஞ்சி ஏற்கெனவே இருந்த அமிலத்துக்கு மேலும் தீனியாகிவிட்டது.

சாணம் சாம்பல் நிறத்தில் கூழாக, நுரையுடன், செரிக்காத சோற்றுப் பருக்கைகள் தெரியப் புளித்த வாடை அடித்தது. உடல் வெப்பம் 99.4 டிகிரி ஃபாரன்ஹீட்; வழக்கமாக 101.5 அளவில் இருக்க வேண்டும். கண்கள் குழி விழுந்திருந்தன. இடப்பக்க வயிற்றுக் குழியில் கை முஷ்டியால் அழுத்தி விட்டபோது உள்ளே நீர் தளும்பும் ஓசை கேட்டது. காற்று உப்புசமாக இருந்தால் அந்த இடம் மேளம்போல் விறைத்து, தட்டினால் ஒலிக்கும். அதனால் இந்த வேறுபாட்டை ஒவ்வொருவரும் தொட்டுப் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. நோய் முற்றினால் மாடு படுத்து, தலையை விலாப் பக்கம் மடித்துக்கொள்ளும். அது பால் காய்ச்சல்போல் தோன்றுவதால், முன்தினம் மாடு என்ன தின்றது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாடு அளவுக்கு மீறித் தின்றுவிட்டது என்று தெரிந்த உடனே, அது நலமாக நின்றுகொண்டிருந்தாலும், உங்கள் கால்நடை மருத்துவரையோ 1962 என்ற எண்ணையோ அழையுங்கள். அறிகுறிகள் வெளிப்படப் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. மீதித் தீனியையும் கழுநீரையும் அகற்றிவிட்டு, வைக்கோலோ காய்ந்த புல்லோ மட்டும் வையுங்கள். மாடு தாகத்தில் தவித்தாலும், மருத்துவர் வரும்வரை தண்ணீரைச் சிறிது சிறிதாகவே கொடுங்கள். தொட்டி நிறைய வைத்தால் ஏற்கெனவே தளும்பும் வயிறு மேலும் நிரம்பும். நடக்க முடிந்தால் மணிக்கொரு முறை மெதுவாக நடத்துங்கள்.

நிற்கவும் விழுங்கவும் முடிகிற, 300 முதல் 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு, 150 கிராம் ஆப்ப சோடாவை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடரில் அமிலமும் கலந்திருப்பதால் அதைப் பயன்படுத்த வேண்டாம். சோடா அமிலத்துடன் சேரும்போது வாயு உண்டாகும். ஆகவே ஒரே மடக்கில் ஊற்றாதீர்கள், அடுத்த முறை கொடுப்பதை மருத்துவர் சொல்லட்டும். நாக்கை இழுத்துப் பிடித்தோ தலையை வானம் பார்க்கத் தூக்கியோ ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். படுத்துவிட்ட மாட்டுக்கும் தள்ளாடும் மாட்டுக்கும் வாய்வழியாக எதையும் கொடுக்காதீர்கள். புளிக் கரைசல், மோர், எலுமிச்சைச் சாறு ஆகியவை புளிப்பு மிகுந்த வயிற்றுக்கு மேலும் புளிப்பு சேர்ப்பவை.

அந்தப் பசுவின் பெருவயிற்று நீரைக் குழாய் வழியே எடுத்து நிறத்தாளில் சோதித்தபோது பிஎச் அளவு 5-க்கும் கீழே, அதாவது கடும் புளிப்பாக இருந்தது. வெதுவெதுப்பான நீரைப் பலமுறை உள்ளே விட்டு வடித்தேன். நரம்பு வழியே திரவமும் பி1 வைட்டமினும் ஏற்றினேன். மறுநாள், புல் மட்டுமே மேயும் பக்கத்து வீட்டு மாட்டின் பெருவயிற்று நீரை எடுத்து இதற்குச் செலுத்தினேன். மடிந்துபோன நுண்ணுயிர்களுக்குப் பதிலாகப் புதியவை குடியேற இதுவே வழி. மூன்றாம் நாள் மாடு அசை போட்டது. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100-க்குக் கீழே இருந்தது அதற்குச் சாதகமாயிற்று. 120-ஐத் தாண்டிப் படுத்துவிட்ட மாடுகளில் வயிற்றைத் திறந்து சோற்றை வெளியே எடுத்தாலும் பிழைப்பது அரிது.

பிழைத்த மாட்டின் குளம்புகளை அடுத்த சில வாரங்களுக்குக் கவனியுங்கள். குளம்பு சூடாக இருந்தாலோ, முதுகைக் கூனிக்கொண்டு தயங்கித் தயங்கி நடந்தாலோ, அது அமிலம் விட்டுச்சென்ற குளம்பு அழற்சியாக இருக்கலாம். சினை மாடாக இருந்தால் 10 முதல் 14 நாட்களுக்குள் கரு கலைய வாய்ப்புண்டு. மாட்டின் பிறப்புறுப்பில் ஒழுக்கு தென்படுகிறதா என்று தினமும் பார்த்து, கண்டால் அன்றே மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.