நாலு துளையா, ரெண்டு துளையா: பிளேஸ்டேஷன் 3-ல் பழைய டிஸ்க் ஓடுமா?

வேலைக்காக வெளியூர் கிளம்பிய அத்தை மகன், தன் பிளேஸ்டேஷன் 3-ஐயும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய டிஸ்க்குகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். பெட்டிக்குள் மூன்று தலைமுறை கலந்து கிடந்தது. அடிப்பக்கம் கறுப்பாக இருந்தவை முதல் பிளேஸ்டேஷனுக்கானவை. பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகள் பெரும்பாலும் வெள்ளி நிறம். சிடியாக வந்த சில மட்டும் நீலச் சாயல். மீதி பிளேஸ்டேஷன் 3-க்கே உரிய ப்ளூ-ரே டிஸ்க்குகள்.

எனக்குப் பிடித்தமானவை எல்லாம் பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்கள். விட்டுப்போன பாகங்களைப் பழைய விலைக்கு வாங்கிச் சேர்க்கலாம் என்று நினைத்தேன். "80 ஜிபி மாடல் பழைய டிஸ்க்கை ஓட்டும்" என்று கேள்விப்பட்டிருந்தேன். என் கையில் இருந்ததும் 80 ஜிபிதான். அந்த நம்பிக்கையில் மூன்று டிஸ்க் வாங்கிவிட்டேன். ஒன்றுகூட ஓடவில்லை. டிஸ்க் இன்னது என்று கன்சோலுக்குத் தெரிகிறது, ஆட்டம் மட்டும் தொடங்க மறுக்கிறது.

கேள்விப்பட்டது பொய்யில்லை, பாதி உண்மை. 80 ஜிபி என்பது ஹார்ட் டிஸ்க்கின் அளவு. பழைய ஆட்டம் ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்வது மதர்போர்டில் எந்தச் சிப் இருக்கிறது என்பது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

2006 நவம்பரில் வந்த முதல் பிளேஸ்டேஷன் 3-களுக்குள் பிளேஸ்டேஷன் 2-இன் இதயமே இருந்தது. அதன் மையச் சிப்பான எமோஷன் எஞ்சின், படம் வரையும் சிப்பான கிராஃபிக்ஸ் சிந்தசைசர் இரண்டையும் அப்படியே போர்டில் வைத்திருந்தார்கள். இவை CECHA, CECHB என்ற மாடல்கள். பழைய டிஸ்க்கைப் போட்டால் வேலையைப் பழைய சிப்புகளே பார்த்துக்கொள்ளும். அதனால் கிட்டத்தட்ட எல்லா ஆட்டமும் ஓடும்.

2007-ல் வந்த CECHC, CECHE மாடல்களில் எமோஷன் எஞ்சினை எடுத்துவிட்டார்கள், கிராஃபிக்ஸ் சிப்பை விட்டுவைத்தார்கள். ஏன் ஒன்றை மட்டும்? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இல்லாத சிப்பைப் போல நடிக்கும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். பழைய சிப்புக்காக எழுதப்பட்ட ஒவ்வொரு கட்டளையையும் புதிய சிப்புக்குப் புரியும் பல கட்டளைகளாக மாற்றிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் அது. ஒரு வேலைக்குப் பல வேலை என்பதால் புதிய சிப்பில் நிறைய வேகம் மிச்சம் இருக்க வேண்டும். முதல் பிளேஸ்டேஷனின் சிப் சுமார் 34 மெகாஹெர்ட்ஸில் ஓடியது; பிளேஸ்டேஷன் 3-இன் செல் சிப் 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. இடைவெளி அவ்வளவு பெரியது. ஆகவேதான் முதல் பிளேஸ்டேஷன் டிஸ்க்குகள் எல்லா பிளேஸ்டேஷன் 3 மாடலிலும் வெறும் மென்பொருளாலேயே ஓடுகின்றன. எமோஷன் எஞ்சின் சுமார் 295 மெகாஹெர்ட்ஸ். கஷ்டப்பட்டால் அதையும் செல் சிப் நடித்துக் காட்டிவிடும்.

கிராஃபிக்ஸ் சிப் விஷயம் வேறு. பிளேஸ்டேஷன் 2-இன் கிராஃபிக்ஸ் சிப்புக்குள்ளேயே 4 எம்பி நினைவகம் பதிக்கப்பட்டிருந்தது. அளவில் துளிதான். ஆனால் நொடிக்கு 48 ஜிபி வேகத்தில் அதில் எழுதலாம், படிக்கலாம். புகை, மழை, விளக்கைச் சுற்றிய ஒளிவட்டம் போன்றவற்றை அந்தக் கால ஆட்டங்கள் எப்படி வரைந்தன தெரியுமா? ஒரு மெல்லிய படலத்தின் மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு அடுக்குக்கும் திரையில் ஏற்கெனவே இருப்பதைப் படித்து, கலந்து, திரும்ப எழுத வேண்டும். பிளேஸ்டேஷன் 3-இன் கிராஃபிக்ஸ் சிப் எத்தனையோ விதத்தில் மேலானது. ஆனால் அதன் சொந்த நினைவகத்துக்கான பாதை நொடிக்கு 22 ஜிபி அளவில் நின்றுவிடுகிறது. ஆறு வருஷம் பழைய சிப் இந்த ஒரு விஷயத்தில் முந்திக்கொண்டது. எனவே அதைப் போர்டிலேயே விட்டுவைத்தார்கள்.

இந்தப் பாதி ஏற்பாட்டில் பெரும்பாலான ஆட்டங்கள் ஓடும். சில நடுவில் உறையும், சிலவற்றில் படமோ ஒலியோ பிசகும். இவ்வகை மாடல் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு ஆட்டத்தின் பெயரையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

2007-இன் இறுதியில் வந்த CECHG தொடங்கி, விலையைக் குறைப்பதற்காக அந்தச் சிப்பையும் நீக்கினார்கள். அதற்குப் பின் வந்த எந்த மாடலிலும், 2009-இன் ஸ்லிம் உட்பட, பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் ஓடாது. பின்னால் சோனியே தன் ஆன்லைன் கடையில் சில பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்களை விற்றது, அவை எல்லா மாடலிலும் ஓடின என்பது உண்மை. தேர்ந்தெடுத்த ஆட்டங்களுக்கு மட்டும் எமுலேட்டரைச் சரிபார்த்து விற்ற ஏற்பாடு அது. கையில் இருக்கும் டிஸ்க்குக்கு அது உதவாது.

80 ஜிபி குழப்பம் எங்கே வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். CECHE-யும் 80 ஜிபி, பிறகு வந்த CECHK-யும் 80 ஜிபி. என் கன்சோலைத் திருப்பி, பின்பக்க ஸ்டிக்கரில் படிந்திருந்த தூசியைத் துடைத்துப் பார்த்தேன்: CECHK01. ஸ்டிக்கரைத் தேட வேண்டிய அவசியம்கூட இல்லை. முன்பக்கத்தில் நாலு யூஎஸ்பி துளை இருந்தால் A, B, C, E என்ற நான்கில் ஒன்று. ரெண்டு மட்டும் இருந்தால் பழைய சிப் கிடையாது. என்னுடையதில் ரெண்டுதான்.

சரி, கறுப்பு டிஸ்க்குகளாவது ஓடுமே என்று எடுத்தேன். மூன்றில் இரண்டு ஓடின, ஒன்று மறுத்தது. கீறல் இல்லை. மேல்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த குறியீட்டைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஓடிய இரண்டிலும் SLUS, ஓடாததில் SLES. SLUS, SCUS என்று தொடங்குபவை அமெரிக்கப் பகுதிக்கானவை. SLES, SCES ஐரோப்பியப் பகுதிக்கானவை. SLPS, SLPM ஜப்பானுக்கானவை. பிளேஸ்டேஷன் 3 ஆட்டங்களில் ஏறக்குறைய எதற்கும் பகுதிப் பூட்டு இல்லை என்பதால் பலருக்கு இது நினைவுக்கு வருவதில்லை. ஆனால் முந்தைய இரண்டு தலைமுறை டிஸ்க்குகளுக்கு அந்தப் பூட்டு உண்டு, கன்சோலின் பகுதியோடு பொருந்தினால்தான் திறக்கும். மாடல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் அதைச் சொல்லும்: 00 ஜப்பான், 01 அமெரிக்கா, 03 பிரிட்டன், 04 ஐரோப்பா.

பொருந்த வேண்டியதெல்லாம் பொருந்தியும் டிஸ்க் ஓடவில்லை என்றால் லேசரைச் சந்தேகிக்கலாம். ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் ஊதா ஒளி, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு, சிடிக்குக் கண்ணுக்குத் தெரியாத 780 நானோமீட்டர். வயதான டிரைவில் இவற்றில் ஒன்று மட்டும் மங்கிப்போகலாம். மங்கியது சிடிக்கானது என்றால் பிளேஸ்டேஷன் 3 ஆட்டங்கள் நன்றாக ஓடும், சிடி வகையான கறுப்பு டிஸ்க்கைப் போட்டால் சுழன்று சுழன்று நின்றுவிடும். ஒரு சாதாரணப் பாட்டு சிடியைப் போட்டுப் பார்த்தால் போதும். அதுவும் ஓடாவிட்டால் குற்றம் டிஸ்க்கில் இல்லை.

என் கன்சோலில் பாட்டு சிடி ஓடியது. இப்போது நான் வாங்குவது ப்ளூ-ரே ஆட்டங்களும் SLUS, SCUS போட்ட கறுப்பு டிஸ்க்குகளும் மட்டும். அந்த மூன்று வெள்ளி டிஸ்க்குகள் உறையோடு அப்படியே இருக்கின்றன. பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்று கிடைக்குமா என்று அத்தை மகனிடம் கேட்டிருக்கிறேன்.