பதினைந்தாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்குள் என்ன இருக்கிறது?

கோயம்புத்தூரில் மின்கம்பி விற்கும் ஒரு மொத்த வியாபாரக் கடையை எடுத்துக்கொள்வோம். சரக்கு முழுவதற்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். மார்ச் மாத விற்பனைப் பேரேடு 18,40,000 ரூபாய் என்கிறது. அதே மாதத்துக்கு வரி கட்டத் தாக்கல் செய்த மாதச் சுருக்கமான ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தில் வரிக்குரிய மதிப்பு 18,25,000 ரூபாய். வித்தியாசம் 15,000 ரூபாய்தான். பல அலுவலகங்களில் இந்த அளவு வித்தியாசத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அது ஆபத்தான பழக்கம். இந்தத் தொகை, கூடியும் கழிந்தும் போனபின் எஞ்சிய மிச்சம் மட்டுமே. உள்ளே எத்தனை பெரிய தொகைகள் ஒன்றையொன்று மறைத்து நிற்கின்றன என்பதை அது சொல்வதில்லை.

முதலில் வரித் தொகையையும் ஒப்பிட வேண்டும். பேரேட்டு விற்பனைக்கு 18 சதவீதம் கணக்கிட்டால் 3,31,200 ரூபாய் வருகிறது. ஆனால் அதே கணக்குப் புத்தகத்தில், வசூலித்த வரிக்கான கணக்கில் 3,51,000 ரூபாய் இருக்கிறது. 19,800 ரூபாய் அதிகம். அதாவது, வரி குறையாமல் விற்பனை மட்டும் எங்கோ குறைக்கப்பட்டிருக்கிறது. 19,800 என்பது 1,10,000 ரூபாய்க்கான வரி. தேடிப் பார்த்தால், மார்ச் 31 அன்று, சரக்கு வாங்கும் கடைக்காரர்களுக்கு ஆண்டிறுதித் தள்ளுபடியாக, அவர்கள் தர வேண்டியதில் அந்தத் தொகையைக் குறைத்து, வரி சேர்க்காத கிரெடிட் நோட் கொடுத்திருக்கிறார்கள். அது பேரேட்டில் விற்பனையைக் குறைக்கும். ஜிஎஸ்டி கணக்கில் வரிக்குரிய மதிப்பைக் குறைக்காது. இந்த வித்தியாசம் எந்த மாதத்திலும் தானாகச் சரியாகாது. அதைத் திருத்த வேண்டியதும் இல்லை, விளக்கமாக எழுதிவைத்தால் போதும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டினால், ஆண்டுக் கணக்கையும் ஜிஎஸ்டி ஆண்டுப் படிவத்தையும் ஒப்பிடும் ஜிஎஸ்டிஆர்-9சி படிவம் கேட்பதும் இந்த விளக்கத்தைத்தான்.

இனி, புத்தகத்தில் உள்ள வரி 3,51,000 ரூபாய், படிவத்தில் உள்ள வரி 3,28,500 ரூபாய். இடைவெளி 22,500 ரூபாய். மதிப்பில் 1,25,000 ரூபாய். இங்கே தொகையை வைத்துத் தேடக் கூடாது. புத்தகத்தில் உள்ள ஆவணங்களையும், மாத விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஏற்றியவற்றையும் எண் வாரியாகப் பொருத்த வேண்டும். பொருந்தாமல் நின்றவை இரண்டு.

ஒன்று, மார்ச் 29 தேதியிட்ட 80,000 ரூபாய் பில். சரக்கு போய்விட்டது, ஆனால் பில் நகல் கிடங்கிலிருந்து தாமதமாக வந்து, ஏப்ரல் 14 அன்று முன்தேதியிட்டுப் புத்தகத்தில் ஏறியது. ஜிஎஸ்டிஆர்-1 ஏப்ரல் 11 அன்றே போய்விட்டது. பில் தேதியையும் பதிவேற்றிய தேதியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது உடனே புலப்படும். 3பி தாக்கலுக்கு ஏப்ரல் 20 வரை அவகாசம் இருந்தது. அதற்கு முன் கண்டிருந்தால், ஜிஎஸ்டிஆர்-1-இல் விட்டதைச் சேர்க்க உதவும் ஜிஎஸ்டிஆர்-1ஏ படிவத்தில் சேர்த்து மார்ச் மாத வரியாகவே கட்டியிருக்கலாம். இப்போது அது ஏப்ரல் மாதப் படிவத்தில்தான் போகும். 14,400 ரூபாய் வரியை மே 20 அன்று கட்டினால், ஆண்டுக்கு 18 சதவீதம் வீதம் 30 நாளுக்கு வட்டி சுமார் 213 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் சரக்கை வாங்கியவர் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவும் ஒரு மாதம் தள்ளிப்போகிறது. அவருடைய கோபம் 213 ரூபாயோடு நிற்காது.

மற்றொன்று, பிப்ரவரியில் திரும்பி வந்த 45,000 ரூபாய்ச் சரக்குக்கான கிரெடிட் நோட். புத்தகத்தில் பிப்ரவரியிலேயே விற்பனையைக் குறைத்துவிட்டார்கள், படிவத்தில் மார்ச்சில்தான் காட்டினார்கள். இதற்கு வட்டி இல்லை, வரி குறைவது ஒரு மாதம் தாமதமானது, அவ்வளவே. ஆனால் இந்தத் தாமதத்துக்கு எல்லை உண்டு. மூல விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டுப் படிவம் தாக்கலாகும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் காட்டியாக வேண்டும். கிரெடிட் நோட்டின் தேதியை வைத்து இந்தக் கெடுவை எண்ணக் கூடாது, விற்பனை நடந்த ஆண்டையே பார்க்க வேண்டும். கெடு தாண்டினால் புத்தகத்தில் விற்பனை குறைந்திருக்கும், கட்டிய 8,100 ரூபாய் வரி மட்டும் திரும்பாது.

ஆக, கூட்டினால் 80,000, அதனுடன் 45,000, அதில் 1,10,000 கழிய, 15,000. 2,35,000 ரூபாய் மதிப்புள்ள ஆவணங்கள் அந்தச் சிறு தொகைக்குள் அடங்கிவிட்டன.

கண்டுபிடித்தது சரிதானா என்பதை முன்னும் பின்னும் உள்ள மாதங்களே காட்டும். பிப்ரவரியில் பேரேடு படிவத்தைவிட 45,000 குறைவாகவும், மார்ச்சில் 15,000 அதிகமாகவும், ஏப்ரலில் 80,000 குறைவாகவும் இருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்தால் 1,10,000 குறைவு, தள்ளுபடி மட்டும். வரியில் அதே மூன்று மாத வித்தியாசங்களையும் கூட்டினால் பூஜ்யத்தில் முடிய வேண்டும். முடியாவிட்டால், இன்னும் ஓர் ஆவணம் எங்கோ நிற்கிறது.