பூஜ்யக் கோட்டுக்குக் கீழே: டிராடவுன் வரைபடத்தைப் படிக்கும் விதம்

ஒரு முதலீட்டின் விலை வரைபடம் மேலும் கீழும் போகும். முந்தைய உச்சத்திலிருந்து எவ்வளவு சரிந்திருக்கிறது என்று காட்டும் டிராடவுன் வரைபடம் அப்படி இல்லை. அதற்கு மேலே போகவே தெரியாது. உச்சியில் பூஜ்யம் என்று ஒரு கோடு இருக்கும். வரைபடம் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் அதற்குக் கீழே தொங்கும். தண்ணீருக்குள் மூழ்கியிருப்பது போலத் தெரிவதால் இதற்கு ‘அண்டர்வாட்டர் சார்ட்’ என்றும் பெயர்.

கணக்கு எளிது. ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான்: இதுவரை எட்டிய அதிகபட்ச மதிப்பிலிருந்து இன்று எத்தனை சதவீதம் கீழே இருக்கிறோம்? ஒரு முதலீட்டின் மாத முடிவு மதிப்புகள் 100, 112, 120, 108, 90, 96, 114, 109, 121 என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதமும் புது உச்சம் என்பதால் வரைபடம் பூஜ்யத்திலேயே நிற்கும். அப்புறம் 108 வந்ததும் 10% கீழே, 90-ல் 25% கீழே, 96-ல் 20% கீழே. 114-ல் 5%தான் பாக்கி. அடுத்த மாதம் 109. இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். 114-லிருந்து புதிதாக ஒரு சரிவு தொடங்கியதாகத் தோன்றும். ஆனால் 114 உச்சமே இல்லை. இன்னமும் 120-தான் அளவுகோல், ஆகவே இது சுமார் 9% கீழே. 121 வந்த மாதம்தான் பள்ளம் மூடுகிறது. இறங்க இரண்டு மாதம், ஏற நான்கு மாதம், மொத்தம் ஆறு மாதம் தண்ணீருக்குள்.

இறங்கியது 25% என்றாலும், 90-லிருந்து 120-க்குத் திரும்ப 33% ஏற வேண்டும். பள்ளம் ஆழமாக ஆக இந்த இடைவெளி வேகமாக விரியும்: பாதி போனால் இரு மடங்காக வேண்டும், 80% போனால் ஐந்து மடங்காக வேண்டும்.

விரிதாளில் இதைப் போட ஒரே சூத்திரம் போதும். மதிப்புகள் B நெடுவரிசையில் இரண்டாம் வரியிலிருந்து தொடங்கினால்:

```
=B2/MAX(B$2:B2)-1
```

கீழே இழுக்க இழுக்க, டாலர் குறி போட்ட முனை அசையாமல் நிற்கும், மறுமுனை மட்டும் நகரும். அதனால் ‘இதுவரை’ வந்த உச்சம் மட்டுமே கணக்கில் வரும். நான் முதன்முதலில் போட்டபோது சோம்பேறித்தனமாக MAX(B:B) என்று எழுதிவிட்டேன். விளைவு, இன்னும் வராத உச்சத்தோடு பழைய நாட்களை ஒப்பிட்டு, முதல் நாளிலேயே பெரிய நஷ்டம் காட்டியது. பிழையைக் கண்டுபிடிக்க இதுவே வழி: சரியான டிராடவுன் வரைபடத்தின் முதல் புள்ளி எப்போதும் பூஜ்யத்தில்தான் இருக்கும்.

சரி, இப்போது நிஜமான ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் 10 அன்று 5,048 புள்ளிகளில் முடிந்தது. 2002 அக்டோபர் 9-ல் 1,114. சரிவு 78%. அங்கிருந்து 2007 அக்டோபர் கடைசிக்குள் 2,859-க்கு ஏறியது. விலை வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது ஐந்து வருட அருமையான ஏற்றம், பணம் இரண்டரை மடங்கு. ஆனால் டிராடவுன் வரைபடம் அதே நாளில் 43% கீழே என்று சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு 2008 நெருக்கடி வந்தது; 2009 மார்ச்சில் குறியீடு 1,268-க்கு விழுந்தது. 2,859-லிருந்து பார்த்தால் பாதிக்கும் மேல் போய்விட்டது. அப்படியும் டிராடவுன் வரைபடத்தில் அதற்குத் தனிப் பள்ளம் கிடையாது. 2000-ல் தோண்டிய குழிக்குள்ளேயே அது இன்னொரு மேடு பள்ளம், அவ்வளவுதான். 2015 ஏப்ரல் 23-ல் பழைய உச்சத்தைத் தாண்டி முடிந்தபோதுதான் அந்தக் குழி மூடியது. மிகப்பெரிய ஐந்து சரிவுகள் என்று அட்டவணை போடும் மென்பொருள் இதை ஒரே வரியில் எழுதும்: 78%, பதினைந்து வருடம். 2007 உச்சத்தில் பணம் போட்டவரின் வேதனை அந்த அட்டவணையில் எங்கேயும் இல்லை.

இதே காலத்தில் எஸ் அண்ட் பி 500 குறியீட்டை எடுத்தால் கதை வேறு மாதிரி. 2000 மார்ச்சில் உச்சம் 1,527. இரண்டரை வருடத்தில் 49% இறங்கியது. 2007 மே கடைசியில் பழைய உச்சத்தைத் தாண்டி, அக்டோபர் 9-ல் 1,565 வரை போனது. அதன் பிறகு 57% விழுந்து, 2013 மார்ச் 28-ல்தான் மீண்டது. வரைபடத்தில் இரண்டு தனித்தனிப் பள்ளங்கள்; ஒன்று ஏழு வருடம், மற்றது ஐந்தரை வருடம்.

ஆனால் 1,565-க்கும் 1,527-க்கும் இருக்கும் வித்தியாசம் இரண்டரை சதவீதம்தான். 2007-ல் சந்தை மூன்று சதவீதம் குறைவாக நின்றிருந்தால் வரைபடம் பூஜ்யத்தைத் தொட்டிருக்காது. இரண்டு பள்ளங்களும் சேர்ந்து பதின்மூன்று வருட ஒற்றைப் பள்ளமாகத் தெரிந்திருக்கும். முதலீட்டாளர் பட்ட பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் இருந்திருக்காது. அதனால் ‘மீள எத்தனை காலம் ஆனது’ என்ற எண்ணை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஆழம் ஓரளவு உறுதியான அளவு. காலம், ஒரு நூலிழையில் மாறிவிடக்கூடியது. டிவிடெண்டைச் சேர்த்துக் கணக்கிட்டாலே மீட்சித் தேதி முன்னால் வந்துவிடும். விலைவாசியைக் கழித்தால் பின்னால் போய்விடும்.

ஆழம்கூட, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2020-ல் இதே எஸ் அண்ட் பி 500, பிப்ரவரி 19-லிருந்து மார்ச் 23-க்குள் 34% விழுந்தது. மாத முடிவு மதிப்புகளை மட்டும் வைத்து வரைந்தால் அந்தச் சரிவு 20% என்றுதான் தெரியும். உச்சமும் அடியும் மாதத்தின் நடுவில் வந்ததால் இரண்டுமே நழுவிவிட்டன. ஒரு முதலீட்டின் தினசரி வரைபடத்தையும் இன்னொன்றின் மாத வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து ‘இது பாதுகாப்பானது’ என்று சொல்வது செல்லாது.

சொந்தக் கணக்கில் வரைபவர்கள் விழும் குழி இன்னொன்று. கணக்கில் 1,00,000 இருந்தது, சந்தை 30% விழுந்து 70,000 ஆனது, இடையில் கையிலிருந்து 25,000 போட்டீர்கள் என்றால் இருப்பு 95,000. அந்த இருப்பை அப்படியே சூத்திரத்தில் கொடுத்தால் சரிவு 5% என்று வரும். உங்கள் பணமே பள்ளத்தை மூடி மறைத்துவிட்டது. பணம் எடுத்தால் இதற்கு நேர்மாறு: சந்தை அசையாமல் இருந்தாலும் பள்ளம் தோன்றும். மியூச்சுவல் ஃபண்டுகள் செய்வது போல யூனிட் கணக்கு வைத்தால் இது தீரும். தொடக்கத்தில் ஒரு யூனிட் 100 என்று 1,000 யூனிட். புதுப் பணம் வந்தால் அன்றைய யூனிட் விலைக்குக் கூடுதல் யூனிட் சேரும், விலை மாறாது. 70-க்கு விழுந்த யூனிட் விலையை வைத்து வரைந்தால் 30% என்று நேர்மையாகக் காட்டும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது வரைபடத்தின் வலது ஓரம். அங்கே கோடு பூஜ்யத்தில் இல்லையென்றால் அந்தப் பள்ளத்துக்கு இன்னும் நீளமே கிடையாது. அட்டவணையில் மீட்சித் தேதி காலியாக இருக்கும். ‘சராசரி மீட்சிக் காலம்’ கணக்கிடும்போது அந்தக் காலி வரியைத் தள்ளிவிடுவது வழக்கம், அதாவது எல்லாவற்றிலும் நீளமாகப் போகக்கூடிய பள்ளமே கணக்கில் வராது. ஜப்பானின் நிக்கேய் 225 குறியீடு 1989 டிசம்பர் 29-ல் 38,915-ல் முடிந்தது. அந்தச் சரிவுக்கான மீட்சித் தேதிக் கட்டம் முப்பத்து நான்கு வருடம் காலியாகவே கிடந்து, 2024 பிப்ரவரி 22-ல்தான் நிரம்பியது.